ஒரு திண்ணை, இரண்டு நிழற்படங்கள்

எம் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நிக்காஹ் நடந்தது ஹிஜ்ரி 1395, ஷவ்வால் மாதத்தில். ஆங்கில ஆண்டில் அது 1975 அக்டோபர். அன்றைய வழக்கப்படி ஆண்கள் பந்தலிலும் பெண்கள் வீட்டிற்குள்ளும் இருந்தனர். படம் பிடிப்பவர் எவரும் அழைக்கப்படவில்லை. 1978இல் வாப்பா ஜித்தாவுக்குப் பயணமானார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. 2003இல்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு எவரேனும் கைபேசியைத் தூக்கினால் உம்மா "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து உள்ளே போய்விடுவார்கள். கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்து படத்திற்கு முகம் காட்டுவது அவர்களுக்கு வெட்கம். இப்படியே அரை நூற்றாண்டு கடந்தும் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட எம் வீட்டில் இல்லை.

சென்னையில் வாழும் எம் தங்கை சென்ற ஆண்டு ஒரு யோசனையோடு வந்தாள். "காக்கா, வாப்பா படம் ஒண்ணு இருக்கு, உம்மா படம் ஒண்ணு இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஒரே ஓவியமா வரைஞ்சு வாங்கலாம். அக்டோபர்ல அம்பது வருஷம் ஆகுது." இப்போதே இருவரையும் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2024 ரமளானின் இறுதிப் பத்தில் வாப்பாவுக்குப் பக்கவாதம் கண்டது. உயிருக்கு ஆபத்து நீங்கிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறுகிறது. "இந்த முகத்தை எடுக்க வேண்டாம்" என்று அவர்கள் கையை அசைத்துவிட்டார்கள். இருக்கும் படங்கள் இரண்டும் நோய்க்கு முந்தியவை.

மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்தும் எமக்கு இந்தக் கோரிக்கை எளிதாக இருக்கவில்லை. உருவங்களை வரைவோரிடம் மறுமையில், நீங்கள் படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள் என்று கூறப்படும் என்ற கருத்திலான நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில், உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது கடுமையான ஹராம் என்றே எழுதுகிறார்கள். துணியில் இருந்தாலும் சுவரில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். மாலிகி மத்ஹபில் நிழல் விழும் சிலைக்கும் தட்டையான சித்திரத்துக்கும் வேறுபாடு காட்டி, பின்னதை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்துவோர் உண்டு. நிழற்படம் இவையெல்லாவற்றுக்கும் பிந்தி வந்த பிரச்சினை. எகிப்தின் முஃப்தியாக 1914 முதல் 1920 வரை இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் அதற்கெனத் தனி நூலே எழுதினார்கள். கேமரா எதையும் படைப்பதில்லை, கண்ணாடியில் விழும் நிழலைப் பிடித்து நிறுத்துவது போன்றதுதான் அது என்பது அவர்களின் வாதம். நம் நாட்டு உலமாக்களில் பலர் இதை ஏற்கவில்லை என்பதும் வாசகர்கள் அறிந்ததே.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் தங்கையின் கோரிக்கைக்கு அது உதவாது. இரண்டு படங்களும் பிடிக்கப்பட்ட நிழல்களாக இருக்கலாம். அவற்றைச் சேர்ப்பது கை. இதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவள் வாதாடவில்லை. "உம்மாதான் கேட்டாங்க காக்கா" என்று மட்டும் சொன்னாள். உம்மாவிடம் விசாரித்தோம். "ஒரு தடவை பார்க்கணும் போல இருக்கு, அவ்வளவுதான்" என்றார்கள். அதற்குமேல் எமக்கு வாய் எழவில்லை. சட்டம் அறிந்த நாம் அந்த இடத்தில் உறுதியாக நின்றோம் என்று எழுத ஆசைதான், நடந்தது அதுவன்று. தங்கை ஊரில் இல்லாததால் படங்களை எடுத்துச் செல்லும் வேலையும் எம் தலையிலேயே விழுந்தது.

ஓவியர் ஒரு பெண்மணி. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் பயின்று, பள்ளியில் ஓவியம் கற்பிப்பவர். உம்மாவின் படம் அந்நிய ஆடவர் கையில் போகாது என்பதில் எமக்கு ஓர் ஆறுதல். எம் மனைவியுடன் அவர் இல்லம் சென்றோம். இரண்டு படங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து அவர் நெடுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "முகம் ரெண்டும் நல்லா இருக்கு பாய், ஆனா ரெண்டு பேரும் வேற வேற வெயில்ல இருக்காங்க" என்றார்.

வாப்பாவின் படம் முற்றத்தில் காலை எட்டு மணி வெயிலில் எடுக்கப்பட்டது. தங்கை மகன் நின்றுகொண்டே, இரண்டடி தூரத்திலிருந்து கைபேசியில் பிடித்தான். வெயில் வாப்பாவின் இடக் கன்னத்தில் விழுந்து, மூக்கின் நிழல் வலக் கன்னத்தில் கத்தியால் வெட்டியதுபோல் கிடக்கிறது. உம்மாவின் படம் அறைக்குள், சன்னலோரம். பேத்தி தரையில் அமர்ந்தபடி எடுத்தது. சன்னல் வெளிச்சம் உம்மாவின் வலக் கன்னத்தில் மெதுவாகப் படர்ந்து, ஓரம் தெரியாமல் கரைகிறது. இருவரையும் அப்படியே ஒரு திண்ணையில் உட்கார வைத்தால், ஒருவருக்குச் சூரியன் இந்தப் பக்கமும் மற்றவருக்கு அந்தப் பக்கமும் நிற்கும். பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஒட்டுவேலை என்பது முதல் பார்வையிலேயே பட்டுவிடும் என்றார் ஆசிரியை.

இன்னொரு சிக்கல் உயரத்தைப் பற்றியது. பேரன் மேலிருந்து எடுத்ததால் வாப்பாவின் தொப்பியின் மேற்பரப்பு தெரிகிறது. மடி குறுகி, முழங்கால் சிறுத்திருக்கிறது. பேத்தி கீழிருந்து எடுத்ததால் உம்மாவின் முழங்கால் பெரிதாகவும் முகம் சற்று அண்ணாந்தும் இருக்கிறது. இந்த இரு உடல்களையும் ஒரே பலகையில் வைத்தால் ஒருவர் சரிந்து விழுவதுபோலவும் மற்றவர் எழும்புவதுபோலவும் தோன்றும். பார்ப்பவரின் கண்மட்டம் ஒரு படத்திற்குள் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆகவே படங்களிலிருந்து முகத்தையும் தோளையும் மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், உடலைப் புதிதாக வரைய வேண்டியிருப்பதாகவும் அவர் சொன்னார். அந்த முகங்களிலும் சிறு திருத்தம் தேவை. மிக அருகில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகும், காது சிறுத்துப் பின்வாங்கும். வாப்பாவின் காதைச் சற்றே வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவர் பென்சிலால் தொட்டுக் காட்டியபோதுதான், அந்தப் படத்தில் எமக்கு எப்போதும் உறுத்திய ஏதோ ஒன்று என்னவென்று விளங்கிற்று.

புதிய உடல்களுக்கு மாதிரி வேண்டுமே. அடுத்த வெள்ளிக்கிழமை எம் வீட்டுத் திண்ணையில் வாப்பா அமரும் இடத்தில் நாமும், உம்மா அமரும் இடத்தில் எம் மனைவியும் அமர்ந்தோம். ஆசிரியை எட்டடி தள்ளி நின்று, தரையிலிருந்து நான்கடி உயரத்தில், அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராகக் கைபேசியைப் பிடித்து எடுத்தார். திண்ணையின் உயரத்தையும் நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார், ஒன்றரை அடி. உயரம் தெரிந்த ஒரு பொருள் படத்திற்குள் இருந்தால் ஆட்களின் அளவை அதிலிருந்து சரிபார்த்துக்கொள்ளலாமாம். வாப்பா ஐந்தடி ஏழு அங்குலம், உம்மா ஐந்தடி. ஆனால் அமரும்போது அந்த வேறுபாடு அப்படியே வராது. கால் நீளத்தில் உள்ளது கழிந்துவிடும். நிற்கும் உயரத்தைக் கணக்கில் வைத்து அமர்ந்தவரை வரைந்தால் கணவர் பக்கத்தில் மனைவி குழந்தைபோல் ஆகிவிடுவார் என்றார்.

பிறகு அவர் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணும்?"

இரண்டு படங்களில் எதிலும் அதற்கு விடை இல்லை. மனைவி எம்மைப் பார்த்தார், நாம் மனைவியைப் பார்த்தோம். மாலைதோறும் கண்ணெதிரே கண்ட காட்சிதான். ஆயினும் அளவு சொல்ல வந்தபோது தடுமாறினோம். ஒரு முழம் என்று மனைவிதான் சொன்னார். நடுவில் வெற்றிலைப் பெட்டி இருக்கும். இருவர் கையும் அதுவரை எட்டும். உம்மா வாசற்கதவை ஒட்டி, வாப்பாவின் இடப்பக்கத்தில் அமர்வார்கள், உள்ளே யாரும் கூப்பிட்டால் எழுவதற்கு வசதியாக. ஆசிரியை அனைத்தையும் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் பென்சில் வரைவு வந்தது. பதினைந்துக்கு இருபத்திரண்டு அங்குல நீர்வண்ணத் தாள். படங்களை ஒரே தலையளவுக்குப் பெரிதாக்கி, கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் தாளில் ஏற்றியிருந்தார். வெளிச்சச் சிக்கலைத் தீர்க்க ஓவியர்கள் கையாளும் வழக்கமான வழியைத் தேர்ந்திருந்தார்: வாப்பாவின் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டார். இப்போது இருவர் முகத்திலும் ஒரே பக்கத்து வெயில்.

கட்டிலில் சாய்ந்திருந்த வாப்பாவிடம் முதலில் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்கள். "நான்தான். சரியா இருக்கு." உம்மா சமையற்கட்டிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கணம்தான் பார்த்தார்கள்.

"இது அவங்க இல்லையே."

எம் தங்கை கைபேசியில் காணொளி வழியே இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன உம்மா, வாப்பா முகம்தானே?" என்றாள்.

"மச்சம் எங்க இருக்கு பாரு. இந்தக் கன்னத்துல எப்ப வந்துச்சு? சட்டைப் பையும் வலப்பக்கம் இருக்கு. யாரு இப்படித் தைப்பாங்க?"

வாப்பாவுக்கு இடக் கண்ணுக்குக் கீழே மிளகளவு மச்சம் உண்டு. படத்தைத் திருப்பியதில் அது வலக் கன்னத்துக்குப் போய்விட்டது. சட்டைப் பை மாத்திரமன்று, முகமே மாறியிருந்தது. எவர் முகத்திலும் இரு பாதியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று உயர்ந்திருக்கும், வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவை இடம் மாறும்போது நாளும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்நியர் ஒருவர் எதிரில் வந்து நிற்பதுபோல் ஆகிவிடும். வாப்பாவுக்கு மட்டும் ஏன் அது தெரியவில்லை? தாடியைச் சீர் செய்யும்போது கண்ணாடியில் அவர்கள் காண்பது அந்தத் திரும்பிய முகத்தைத்தானே. ஆயுள் முழுவதும் தம் முகத்தை அப்படித்தான் அறிந்திருக்கிறார்கள். உண்மையான பக்கத்தில் அவர்களைப் பார்த்திருப்பவர்கள் நாம் எல்லோரும். அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் உம்மா. கையில் வரைவை வைத்திருந்த எமக்கே மச்சம் கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சத்தையும் சட்டைப் பையையும் அழித்துப் பக்கம் மாற்றினால் போதாதா என்று ஆசிரியையிடம் கேட்டோம். போதாது என்றார். மச்சம் சரியாகும், முகம் சரியாகாது. வாப்பாவைத் திருப்பாமல், வெயிலை வேறு பக்கமாக மாற்றி வரைய முடியாதா என்றோம். முடியும், ஆனால் அந்தப் பக்கத்து நிழல்கள் படத்தில் இல்லை. கன்னத்தின் எலும்பு எங்கே தொடங்குகிறது, கண் குழி எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஊகம் கூடக்கூட அது வேறு முதியவர் ஒருவரின் முகமாகிவிடும் என்றார். அவருடைய இந்த நேர்மை எமக்குப் பிடித்திருந்தது. அறிவிப்பாளர் தொடரில் இடைவெளி இருந்தால் ஊகத்தால் நிரப்பக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் அல்லவா நாம்.

வழியை அவரே கண்டுபிடித்தார். வாப்பாவின் இடக் கன்னத்தில் வெளிச்சம். உம்மாவின் வலக் கன்னத்தில் வெளிச்சம். உம்மா அமர்வதோ வாப்பாவின் இடப்பக்கம். அப்படியானால் இருவர் முகத்திலும் வெளிச்சம் விழுவது மற்றவர் இருக்கும் பக்கத்திலிருந்துதான். சூரியன் அங்கே இருக்க முடியாது, விளக்கு இருக்கலாம். "திண்ணையில விளக்கு மாட்டுற வழக்கம் உண்டா பாய்?" என்று கேட்டார்.

உண்டு. எம் திண்ணையின் உத்தரத்தில் இன்றும் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. மின்சாரம் போகும் இரவுகளில் அரிக்கேன் விளக்கை அதில் மாட்டுவார்கள். வாப்பாவின் ஜித்தாக் கடிதங்களை மஃரிபுக்குப் பின் உம்மா அதன் கீழ் அமர்ந்து படித்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். அதை ஆசிரியையிடம் நாம் சொல்லவில்லை. கொக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னோம்.

ஆக, காலை வெயில் ஓவியத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரமாயிற்று. விளக்கை அவர் இருவர் தலைக்கும் சற்று மேலே, கொஞ்சம் முன்தள்ளித் தொங்கவிட்டார். காலைச் சூரியன் வாப்பாவின் முகத்தில் மேலிருந்து சரிந்து விழுந்ததால் விளக்கும் அந்தச் சரிவிலேயே இருந்தாக வேண்டும். வாப்பாவின் மூக்கு நிழலின் கூர்மையான ஓரத்தை ஈரத் தூரிகையால் கரைத்தார். சட்டையின் வெள்ளையும் உம்மாவின் முக்காட்டு வெள்ளையும் இரண்டு படங்களில் இரண்டு நிறமாக இருந்தன, ஒன்று மஞ்சள் சாய்ந்தும் மற்றொன்று நீலம் சாய்ந்தும். இரண்டுக்கும் மேல் ஒரே மெல்லிய மஞ்சள் பூச்சைப் படரவிட்டார். அமர்ந்திருக்கும் இடத்தில் கைலியும் சேலையும் திண்ணையைத் தொடும் கோட்டில் ஒரு கருநிழலை இட்டபோது, அதுவரை மிதப்பதுபோல் இருந்தவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் அவர் செய்ய மறுத்தார். ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் வரைய வேண்டும் என்று தங்கை தொலைபேசியில் கேட்டாள். கண்மணியை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தினால் கள்ளப் பார்வையாகிவிடும். முகத்தையே திருப்ப வேண்டும், அதற்குப் படம் இல்லை என்றார். எனவே ஓவியத்தில் இருவரும் தம்மைப் படம் எடுத்த பேரப்பிள்ளைகளைப் பார்த்தவாறே இருக்கிறார்கள்.

அக்டோபரில் தங்கை ஊருக்கு வந்தாள். விழா என்று எதுவும் வேண்டாம் என்பதில் வாப்பா உறுதியாக இருந்தார்கள்; திருமண நாள் கொண்டாடுவது நம் வழக்கமன்று. வீட்டார் மட்டும் உணவருந்தினோம். ஓவியத்தைப் பிரித்துக் காட்டியதும் வாப்பா குழறலோடு சொன்ன முதல் சொல், "மச்சம்?" என்பதுதான். உம்மா குனிந்து பார்த்து, "இடத்துலதான் இருக்கு" என்றார்கள்.

எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தது. தங்கை கூடத்துச் சுவரைக் காட்டினாள். அங்கேதான் பிள்ளைகள் தொழுகிறார்கள். உருவங்கள் இருந்த திரைச்சீலையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், அதை ஆயிஷா (ரலி) அவர்கள் கிழித்துத் தலையணை ஆக்கியதும் எம் மனத்தில் ஓடின. தொங்கவிடுவதற்கு எம்மால் உடன்பட முடியாது என்றோம். வரையும்வரை வாய் மூடியிருந்துவிட்டு மாட்டும்போது மார்க்கம் பேசுகிறீர்களே காக்கா என்று தங்கை கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. எம்மிடம் பதில் இல்லை. உயிரற்றவற்றை வரைந்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்குச் சொன்ன அறிவுரையைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்லி, திண்ணையையும் விளக்கையும் வெற்றிலைப் பெட்டியையும் மட்டும் வரையச் சொல்லியிருக்கலாம். அது எமக்கு அன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் உம்மாவிடம் சொல்லியிருப்போமா என்பது ஐயமே. இவ்விஷயத்தில் எமது செயலை எவரும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். வல்லாஹு அஃலம்.

பேச்சை முடித்தவர் வாப்பாதான். சுவர் வேண்டாம் என்று கையால் காட்டினார்கள். உம்மா ஒரு பழைய வெள்ளைத் துணியில் ஓவியத்தைச் சுற்றித் தம் அலமாரியில், நிக்காஹ் தஃப்தர் நகலும் ஜித்தாக் கடிதங்களும் இருக்கும் தட்டில் வைத்துக்கொண்டார்கள்.

படுக்கப் போகுமுன் வாப்பா விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது ஆங்கில ஆண்டு என்பது ஹிஜ்ரியில் ஐம்பத்தொன்றரை ஆண்டு. "ஷவ்வால்... முன்னமே... போயிட்டுது" என்றார்கள். நாமும் மனத்தில் கணக்கிட்டோம். ஹிஜ்ரிக் கணக்கில் ஐம்பது நிறைவது 1445 ஷவ்வால், அதாவது 2024 ஏப்ரல். வாப்பா மருத்துவமனையில் நினைவு தப்பிக் கிடந்த நாட்கள் அவை. பிள்ளைகளில் எவருக்கும் அது நினைவில் இருக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்கள் உம்மா, அலமாரியைப் பூட்டியபடி. "அன்னைக்கு ராத்திரி உங்க கட்டிலுக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."